மூலை எந்தச் சுவருக்குச் சொந்தம்?

ஓர் ஒற்றை அறைக் கட்டடம். அறையின் உள்ளளவு 4.50 மீட்டருக்கு 3.60 மீட்டர். சுற்றிலும் 30 சென்டிமீட்டர் தடிமனில் செங்கல் சுவர். வானம் தோண்டும் வேலை, ஜல்லி கான்கிரீட், அஸ்திவாரம் மற்றும் பேஸ்மட்டத்துச் செங்கல் வேலை, மேல்சுவர் ஆகியவற்றின் அளவுகளை நெடுஞ்சுவர் – குறுஞ்சுவர் முறையில் கணக்கிடுக. சிவில் டிப்ளமோ படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழக்கமானது. வகுப்பில் இதை 'லாங் வால் – ஷார்ட் வால் மெத்தட்' என்பார்கள். விடையை எழுதிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் ஒவ்வொரு நீளமும் ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்து எழுதுபவர்கள் குறைவு. தெரியாமல் எழுதியவரின் மொத்தம் சில வேளை சரியாகவே வந்துவிடும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கேள்வியோடு வரும் குறுக்குவெட்டுப் படத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 90 சென்டிமீட்டர் அகலத்தில் வானம். அதன் அடியில் அதே அகலத்தில் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி கான்கிரீட். அதன்மேல் 60 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்தில் செங்கல் வேலையின் முதல் படி. அதற்கு மேல் 45 சென்டிமீட்டர் அகலமுள்ள பேஸ்மட்டச் சுவர். இது தரைக்குக் கீழே 30, தரைக்கு மேலே 45 என்று மொத்தம் 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் 30 சென்டிமீட்டர் சுவர் 3 மீட்டர் உயரம் எழுகிறது. ஒரு கதவு 1.00க்கு 2.10 மீட்டர். இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் 1.20க்கு 1.20 மீட்டர். மூன்றுக்கும் மேலே 15 சென்டிமீட்டர் கனத்தில் லிண்டல். இரண்டு பக்கமும் சுவரின்மேல் 15 சென்டிமீட்டர் உட்காருகிறது.

இவ்வளவு எண்களைப் பார்த்ததும் பேனாவை எடுத்துப் பெருக்கத் தொடங்கக் கூடாது. முதலில் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டே இரண்டு நீளங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு சுவர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம், இரண்டு திசைகளிலும். அறையின் உள்ளளவோடு ஒரு பக்கம் அரைச்சுவர், மறுபக்கம் அரைச்சுவர், ஆக மொத்தம் ஒரு சுவரின் தடிமனைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். நீளவாக்கில் 4.50 + 0.30 = 4.80 மீட்டர். அகலவாக்கில் 3.60 + 0.30 = 3.90 மீட்டர். கட்டுமான இடத்திலும் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. முளை அடித்து நூல் கட்டும்போது முதலில் இழுப்பது நடுக்கோட்டை. அதன் இருபுறமும் பாதிப் பாதி அளந்துதான் வானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். அடியில் 90 சென்டிமீட்டர் அகலமாக இருந்தாலும் மேலே 30 ஆகக் குறைந்தாலும் நடுக்கோடு இடம் மாறுவதில்லை. எல்லாப் படிகளும் அதன் இருபுறமும் சமமாகத்தான் விரிகின்றன. முழு விடையும் இந்த ஒரு விஷயத்தின்மேல் நிற்கிறது.

அடுத்தது மூலை. நீளச் சுவர் ஒன்றும் அகலச் சுவர் ஒன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுரத் தூண் அளவு பகுதி இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. நிஜச் சுவரில் அது எந்தச் சுவருக்கும் முழுதாகச் சொந்தமில்லை. கொத்தனார் மூலை எடுப்பதைக் கவனித்தால் புரியும். ஒரு வரியில் நீளச் சுவரின் கல் மூலைவரை ஓடி முடியும், அகலச் சுவர் அதன்மேல் வந்து முட்டி நிற்கும். அடுத்த வரியில் அகலச் சுவர் மூலைவரை வரும், நீளச் சுவர் முட்டி நிற்கும். இப்படி வரிக்கு வரி மாற்றிப் போட்டால்தான் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மூலையில் நேர்ச்சந்து விழாது. ஆனால் கணக்கு எழுதும்போது வரிக்கு வரி பிரிக்க முடியாது. மூலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதியாக வேண்டும். இரண்டு பேர் பெயரிலும் எழுதினால் இரட்டைக் கணக்கு. யார் பெயரிலும் எழுதாவிட்டால் நான்கு மூலையிலும் ஓட்டை. இந்த முறை நான்கு மூலைகளையும் நெடுஞ்சுவருக்கே கொடுத்துவிடுகிறது.

ஆகவே நெடுஞ்சுவரை வெளிமுகத்திலிருந்து வெளிமுகம்வரை அளக்கிறோம். குறுஞ்சுவரை நெடுஞ்சுவர்களின் உள்முகங்களுக்கு இடையில் மட்டும் அளக்கிறோம். நடுக்கோட்டிலிருந்து பார்த்தால், நெடுஞ்சுவரின் நீளம் 4.80 உடன் அந்தப் படியின் அகலத்தை ஒருமுறை கூட்டியது. குறுஞ்சுவரின் நீளம் 3.90 இலிருந்து அதே அகலத்தை ஒருமுறை கழித்தது. கூட்ட வேண்டியதும் கழிக்க வேண்டியதும் அந்தந்தப் படியின் அகலம் என்பதை மறக்கக் கூடாது. வானத்துக்கு 0.90, முதல் படிக்கு 0.60, பேஸ்மட்டத்துக்கு 0.45, மேல்சுவருக்கு 0.30.

| படி | அகலம் (மீ) | நெடுஞ்சுவர் (மீ) | குறுஞ்சுவர் (மீ) |
|---|---|---|---|
| வானம், ஜல்லி கான்கிரீட் | 0.90 | 5.70 | 3.00 |
| முதல் படி | 0.60 | 5.40 | 3.30 |
| பேஸ்மட்டச் சுவர் | 0.45 | 5.25 | 3.45 |
| மேல்சுவர் | 0.30 | 5.10 | 3.60 |

அட்டவணையை மேலிருந்து கீழே படித்தால், அதாவது கட்டடத்தில் அடியிலிருந்து மேலே வந்தால், நெடுஞ்சுவர் குறைந்துகொண்டே வருகிறது, குறுஞ்சுவர் கூடிக்கொண்டே வருகிறது. முதல் தடவை பார்க்கும் மாணவர்களைக் குழப்புவது குறுஞ்சுவரின் இந்தக் கடைசி நிரல்தான். மேலே போகப் போக எல்லாம் ஒடுங்கும்போது குறுஞ்சுவர் மட்டும் எப்படி நீளும்? வானத்துக்குள் இறங்கி நிற்பதாக நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு நெடிய வானங்களும் 90 சென்டிமீட்டர் அகலம் என்பதால் அறையின் பக்கமாக நன்றாக உள்ளே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே தோண்ட மீதமிருப்பது 3 மீட்டர்தான். மேலே நெடுஞ்சுவர்கள் மெலிந்து பின்வாங்கும்போது நடுவே இடைவெளி அகலுகிறது. கடைசியில் மேல்சுவருக்கு வரும் 3.60 மீட்டர் அறையின் உள்ளளவேதான். அது அப்படி வரவில்லை என்றால் முதல் வரியிலேயே பிழை இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நொடியில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது.

இனி பெருக்கல். வானம் தோண்டும் வேலையில் நெடுஞ்சுவர்கள் 2 × 5.70 × 0.90 × 0.90 = 9.234 கன மீட்டர். குறுஞ்சுவர்கள் 2 × 3.00 × 0.90 × 0.90 = 4.860. இரண்டும் சேர்ந்து 14.094 கன மீட்டர். ஜல்லி கான்கிரீட்டுக்கு நீளமும் அகலமும் அவையே, கனம் மட்டும் 0.30 என்பதால் 3.078 உம் 1.620 உம் சேர்ந்து 4.698.

செங்கல் வேலையில் முதல் படி: 2 × 5.40 × 0.60 × 0.30 = 1.944, 2 × 3.30 × 0.60 × 0.30 = 1.188, கூட்டினால் 3.132. பேஸ்மட்டச் சுவரில் உயரம் 0.75 என்பதைக் கவனிக்க வேண்டும். தரைக்கு மேலே தெரியும் 0.45ஐ மட்டும் எடுத்துவிட்டுத் தரைக்குக் கீழே இருக்கும் 0.30ஐ மறப்பது அடிக்கடி நடப்பது. 2 × 5.25 × 0.45 × 0.75 = 3.54375, 2 × 3.45 × 0.45 × 0.75 = 2.32875, கூட்டினால் 5.8725. ஆக அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் சேர்ந்து 9.0045 கன மீட்டர் செங்கல் வேலை.

மேல்சுவர்: 2 × 5.10 × 0.30 × 3.00 = 9.180, 2 × 3.60 × 0.30 × 3.00 = 6.480, மொத்தம் 15.660. இது துளையில்லாத சுவரின் கணக்கு. கதவு, ஜன்னல், லிண்டல் இருக்கும் இடங்களில் செங்கல் இல்லை என்பதால் அவற்றைக் கழிக்க வேண்டும். கதவு 1.00 × 0.30 × 2.10 = 0.630. ஜன்னல்கள் 2 × 1.20 × 0.30 × 1.20 = 0.864. லிண்டலின் நீளம் திறப்பின் அகலம் அல்ல. இரண்டு பக்கமும் உட்காரும் 15 சென்டிமீட்டரையும் சேர்த்தால் கதவுக்கு 1.30, ஜன்னலுக்கு 1.50. அப்படிக் கணக்கிட்டால் 1.30 × 0.30 × 0.15 = 0.0585, 2 × 1.50 × 0.30 × 0.15 = 0.135. எல்லாக் கழிவும் சேர்ந்து 1.6875. நிகர அளவு 13.97 கன மீட்டர்.

கழிவு எழுதும்போது கதவு நெடுஞ்சுவரில் இருக்கிறதா குறுஞ்சுவரில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரண்டின் தடிமனும் ஒன்றே என்பதால் மொத்தத்திலிருந்து ஒரே தடவையாகக் கழித்துவிடலாம். ஆனால் லிண்டல் பற்றிக் கேள்வி என்ன சொல்கிறது என்பதை இரண்டு தடவை படிக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் திறப்புகளுக்கு மேல் மட்டும் லிண்டல் போடுவதோடு நிறுத்தாமல் சுவர் முழுக்கச் சுற்றி ஓட்டுவதும் வழக்கம். கேள்வியில் அப்படி இருந்தால் லிண்டலின் கழிவு நான்கு சுவருக்கும் போகும். அப்போது நீளங்கள் மேல்சுவருக்கு உள்ளவையே: 2 × 5.10 × 0.30 × 0.15 உம் 2 × 3.60 × 0.30 × 0.15 உம் சேர்ந்து 0.783. மேல்சுவரின் நிகர அளவு 13.38 ஆக இறங்கிவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவீட்டு விதிகளான ஐ.எஸ். 1200, நீளங்களை 0.01 மீட்டருக்கும் கன அளவுகளை 0.01 கன மீட்டருக்கும் முழுமையாக்கச் சொல்கிறது. அதனால் இடையில் தசமங்களை வெட்டாமல் வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் இரண்டுக்கு வருவது நல்லது. நம் விடை: வானம் 14.09, கான்கிரீட் 4.70, அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் 9.00, மேல்சுவர் 13.97.

பெரும்பாலானவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். இன்னும் ஒரு வரி எழுதி மொத்தத்தைச் சரிபார்க்கலாம். எந்தப் படியை எடுத்தாலும் நெடுஞ்சுவர்கள் இரண்டையும் குறுஞ்சுவர்கள் இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

```
2 × (4.80 + w) + 2 × (3.90 − w) = 17.40
```

இதில் w என்பது படியின் அகலம். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்து, அகலம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. வானத்தில் 11.40 + 6.00, முதல் படியில் 10.80 + 6.60, பேஸ்மட்டத்தில் 10.50 + 6.90, மேல்சுவரில் 10.20 + 7.20. எங்கும் 17.40 மீட்டர்தான். நடுக்கோட்டின் மொத்த நீளம் அது. எனவே 17.40 × 0.90 × 0.90 என்று ஒரே பெருக்கலில் வானத்தின் 14.094 வந்துவிடும். நடுக்கோட்டு முறை என்று தனியாகப் படிப்பது இதைத்தான்.

இரண்டு திசையிலும் வெளியளவையே எடுத்துவிட்டவர் எவ்வளவு தவறுகிறார் என்பதையும் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அவர் நான்கு மூலைகளையும் இருமுறை எண்ணுகிறார். வானத்தில் ஒரு மூலை 0.90 × 0.90 × 0.90 = 0.729 கன மீட்டர். நான்கும் சேர்ந்து 2.916. சரியான 14.09க்குப் பதில் 17.01 வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான அதிகம். தோண்டாத மண்ணுக்குக் கூலி எழுதியதாக ஆகும். இரண்டு திசையிலும் உள்ளளவையே எடுத்தவர் அதே 2.916ஐக் குறைத்து எழுதுவார். அவருடைய கணக்கில் நான்கு மூலையும் தோண்டப்படவே இல்லை. சின்ன அறையில் சுவரின் நீளத்தோடு ஒப்பிடும்போது வானத்தின் அகலம் பெரியது, அதனால்தான் பிழையும் இவ்வளவு பெரிதாகிறது.

இன்னொரு வகைப் பிழை இப்படி வெளியே தெரியாது. மேல்சுவரின் 5.10, 3.60 என்ற நீளங்களையே அடிவரைக்கும் எல்லாப் படிகளுக்கும் எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வானம்: 2 × 5.10 × 0.81 = 8.262, 2 × 3.60 × 0.81 = 5.832. கூட்டினால் 14.094. மொத்தம் அச்சு அசலாகச் சரி! பக்கத்தில் இருப்பவரின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடைவார்கள். ஆனால் இரண்டு வரிகளும் தவறு. அந்த இடத்தில் 5.10 மீட்டர் நீளமுள்ள வானம் எங்கும் இல்லை. டேப் பிடித்து அளந்தால் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் 5.70தான் வரும். ஒற்றை அறையில் நெடுஞ்சுவரில் குறைந்ததும் குறுஞ்சுவரில் கூடியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனதால் மொத்தம் தப்பித்தது, அவ்வளவுதான். படிப்படியாகத் திருத்துபவர் இரண்டு வரியிலும் மதிப்பெண்ணைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது.

அந்த அதிர்ஷ்டம் எப்போது கைவிடும் என்று பார்க்க, அதே கட்டடத்தின் நடுவில் குறுஞ்சுவருக்கு இணையாக ஓர் இடைச்சுவரைப் போடுவோம். அதே தடிமன், அதே அஸ்திவாரம். அது இரண்டு முனையிலும் நெடுஞ்சுவரின் உள்முகத்தில் வந்து முட்டுகிறது. மூலை இல்லை, முட்டுச் சந்திப்பு மட்டும். நம் முறைக்கு இது பெரிய விஷயமே இல்லை. குறுஞ்சுவர்களின் எண்ணிக்கை இரண்டு என்பது மூன்றாகிறது, அவ்வளவே. வானத்தில் 11.40 + 3 × 3.00 = 20.40 மீட்டர், கன அளவு 16.524. நீளத்தை மாற்றாமல் எழுதியவர் 10.20 + 3 × 3.60 = 21.00 மீட்டர் எடுத்து 17.010 என்று எழுதுவார். இப்போது அவருடைய பிழை மொத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நடுக்கோட்டு முறையை நம்பி 17.40 உடன் 3.90ஐக் கூட்டி 21.30 என்று எழுதியவரும் தப்ப முடியாது. இடைச்சுவரின் நடுக்கோடு ஒவ்வொரு முனையிலும் நெடுஞ்சுவரின் அரை அகலத்துக்குள் புகுந்துவிடுகிறது. சந்திப்பு ஒன்றுக்கு அரை அகலம் வீதம் இரண்டு சந்திப்புக்கு 0.90 கழித்தால்தான் 20.40 வரும். அந்தக் கழிவும் நிலையானது அல்ல; முதல் படியில் 0.60, மேல்சுவரில் 0.30 என்று படிக்குப் படி மாறும். அறைகள் பெருகப் பெருக இந்தச் சந்திப்புகளை எண்ணுவதில்தான் நடுக்கோட்டு முறையில் தடுமாற்றம் வருகிறது.

நெடுஞ்சுவர் – குறுஞ்சுவர் முறை கொஞ்சம் நீளமானது. எழுத வேண்டிய வரிகள் இரட்டிப்பு. பல அறைகள் உள்ள வீட்டில் பக்கங்கள் நிறைந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அதில் எழுதும் ஒவ்வொரு நீளமும் கட்டடத்தில் நிஜமாக இருக்கும் நீளம். அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதிய 3.45ஐ ஒப்பந்ததாரர் பேஸ்மட்டத்தில் டேப் வைத்துச் சரிபார்க்கலாம். 17.40 என்ற எண்ணை அப்படி நேரே அளந்து காட்ட ஓர் இடமும் இல்லை. வெளிச்சுவர் 30 சென்டிமீட்டரும் உள்சுவர் 20 சென்டிமீட்டருமாகத் தடிமன் மாறும் கட்டடங்களிலும் இதே வசதி இருக்கிறது: எந்தச் சுவர் எந்த முகத்தில் முட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

எந்தத் திசையை நெடுஞ்சுவர் என்று எடுப்பது என்பது நம் ஏற்பாடுதான். வழக்கமாக நீளமான திசையை அப்படி எடுப்பார்கள். 3.90 மீட்டர் திசைக்கு மூலைகளைக் கொடுத்தாலும் ஒற்றை அறையில் மொத்தம் மாறாது. ஆனால் ஒரு படியில் ஒருவிதமாகவும் அடுத்த படியில் வேறுவிதமாகவும் கொடுக்கக் கூடாது. வானத்தில் எடுத்த முடிவே லிண்டல்வரை தொடர வேண்டும்.

தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அளவுத் தாளின் கடைசியில் இருக்கும் குறிப்பு நிரலைக் காலியாக விடாதீர்கள். ஒவ்வொரு நீளத்துக்கு நேரேயும் 4.80 + 0.90, 3.90 − 0.90 என்று அது வந்த வழியை எழுதிவிடுங்கள். பெருக்கலில் கை தவறினாலும் நீளம் சரி என்பது திருத்துபவருக்குத் தெரியும். நாளைக்கு வேலைத்தளத்தில் உங்கள் கணக்கை எடுத்துப் பார்ப்பவருக்கும் கேள்வி எழாது.